புகார் கடிதமா? முதலில் பில்லை எடுங்க!

"முப்பதாயிரம் கொடுத்து வாங்கின மெஷின்க்கா... மூணு மாசம்கூட உழைக்கல!"

திண்டுக்கல்லில் இருந்து என் தங்கை போனில் அழாத குறை. தீபாவளிக்கு வாங்கிய வாஷிங் மெஷின். துணி பிழியும்போது லாரி போகிற மாதிரி சத்தம் போட்டு, இரண்டு தடவை ரிப்பேர் பார்த்த பிறகு, கீழே தண்ணீரும் கசிய ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். கம்பெனி "சர்வீஸ் சென்டரைக் கேளுங்க" என்கிறது. பொறுத்துப் பார்த்தவள், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கடைக்கு அனுப்பிவிட்டாள். நான்கே நாளில் பதிலும் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள்.

அவள் எழுதியதில் முக்கியமான வரிகள் இவை: "தீபாவளிக்கு முன் உங்கள் கடையில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மெஷின் வாங்கினோம். டிசம்பர் மாதம் பழுதாகிவிட்டது. பலமுறை போன் செய்தும் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை."

கடையின் பதில்: "எங்கள் பில் தொகை 24,990 ரூபாய்தான். ஒரு மாதத்துக்கு மேல் மெஷின் நன்றாக ஓடியிருப்பதாக நீங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். முதல் புகார் சரிசெய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது."

தங்கை ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால், அந்தப் பதிலை வெளியாள் யாராவது படித்தால் அவள் தொகையைக் கூட்டிச் சொன்ன மாதிரியும், விஷயத்தை மறைத்த மாதிரியும்தான் தெரியும். முதல் கடிதத்தில் எழுதியதை எதிர்த்தரப்பு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு நுகர்வோர் ஆணையம் வரை போனாலும் "நீங்களே இப்படித்தானே எழுதினீர்கள்?" என்று அதைத்தான் நீட்டும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே நான் திண்டுக்கல் போனேன். பில், வாரன்டி கார்டு, இரண்டு செல்போன்கள், ஒரு கோடு போட்ட நோட்டு. இவற்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு நாங்கள் சேகரித்த விவரங்களைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். மிக்ஸியோ, மொபைலோ, சோபாவோ, நீங்கள் முதல் முறையாகப் புகார் எழுதப் போகிறீர்கள் என்றால் பேனாவைத் திறக்கும் முன் இவை கையில் இருக்க வேண்டும்.

1. யார் வாங்கினார், யார் விற்றார்?

முதலில் பில்லைப் பார்த்தோம். பில் தங்கையின் கணவர் பெயரில் இருந்தது. கடிதம் போனது தங்கையின் பெயரில். முன்பணம் கட்டியது கல்லூரியில் படிக்கும் மகனின் ஜிபே கணக்கிலிருந்து!

நம் வீடுகளில் இது சகஜம்தான். வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோரே. ஆனாலும், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே புகார் போவது சுலபம். அப்படி இல்லையென்றால், 'பில் என் கணவர் பெயரில் உள்ளது. முன்பணம் என் மகன் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டது' என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேள்வியாகக் கேட்பார்கள்.

அடுத்தது, யார் மீது புகார்? கடை வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையில் ஒரு பெயர் இருக்கும். சட்டப்படி அந்த வியாபாரத்தை நடத்துகிறவரோ நிறுவனமோ வேறு பெயரில் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். அந்த எண்ணை services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால், Legal Name of Business, Trade Name என்று இரண்டு பெயர்களும் வரும். முதலில் சொன்னது சட்டப்படியான பெயர். இரண்டாவது கடைப் பெயர். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தங்கையின் விஷயத்தில் இரண்டும் வேறு வேறாகத்தான் இருந்தன.

தயாரிப்பாளரின் முழு முகவரி வாரன்டி கார்டிலோ, மெஷின் வந்த அட்டைப்பெட்டியிலோ அச்சிட்டிருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் தனி நிறுவனம். அதன் பெயரையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பொருள்?

'வாஷிங் மெஷின்' என்று எழுதினால் போதாது. மாடல் எண், சீரியல் எண் இரண்டும் வேண்டும். மெஷினின் பின்பக்கத்திலோ, கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து, பில்லிலும் வாரன்டி கார்டிலும் இருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அவசரமான பண்டிகை விற்பனையில் ஒரு மெஷினுக்கு பில் போட்டு வேறொன்றை ஏற்றி அனுப்புவதும் நடக்கும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த விஷயத்தைத்தான் முதலில் கடைக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

பில் தாளையும் கவனியுங்கள். வழவழப்பான தெர்மல் தாளில் அடித்த பில் சில மாதங்களில் வெளிறி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், போட்டோவும் எடுங்கள். எங்களுக்கு பாதி எழுத்து தெரிந்தது; நல்லவேளை, கடையிலிருந்து மெயிலிலும் ஒரு பில் வந்திருந்தது.

3. தேதிகள்: நினைவிலிருந்து எழுதாதீர்கள்

அன்றைக்கு எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான்.

"டிசம்பர்ல கெட்டுப்போச்சுன்னு எழுதினியே, எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதான்க்கா, கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் கம்ப்ளெயின்ட் பண்ணினேனே..." என்றாள்.

அவளுடைய செல்போனில் மெசேஜ்களைத் தேடினோம். கம்பெனியின் பெயரைத் தேடுதல் பெட்டியில் போட்டதும் வரிசையாக வந்து விழுந்தன. டிசம்பர் 9-ல் ஒரு புகார் பதிவானது உண்மை. ஆனால், அதற்கு முன்பு நவம்பர் 18-லேயே ஒரு புகார் எண் இருந்தது! அது இரண்டாவது புகார். அவள் மனதில் அதுதான் முதல் புகாராகப் பதிந்திருந்தது. நோட்டில் இப்படி எழுதினோம்:

• 26.10.2024 – கடையில் பில் (பில், ஜிபே பதிவு)
• 28.10.2024 – வீட்டுக்கு வந்தது (டெலிவரி சீட்டு)
• 02.11.2024 – ஆள் வந்து பொருத்தினார் (எஸ்.எம்.எஸ்.)
• 17.11.2024 – முதன்முதலாகச் சத்தம் (மறுநாள் கொடுத்த புகாரில் சொன்னது)
• 18.11.2024 – முதல் புகார் (எஸ்.எம்.எஸ்.; புகார் எண்)
• 20.11.2024 – மெக்கானிக் வந்தார், கால் உயரத்தைச் சரிசெய்தார் (எஸ்.எம்.எஸ்.)
• 22.11.2024 – மறுபடி அதே சத்தம் (வீடியோ)
• 09.12.2024 – இரண்டாவது புகார் (எஸ்.எம்.எஸ்.; புகார் எண்)
• 19.12.2024 – பாகம் மாற்றி, 1,850 ரூபாய் வாங்கினார் (ஜிபே)
• 03.01.2025 – தண்ணீர்க் கசிவு (போட்டோ, மூன்றாவது புகார் எண்)

ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதற்கான ஆதாரத்தை எழுதியிருக்கிறோம், பாருங்கள். ஆதாரம் இல்லாத தேதி என்றால் 'ஆதாரம் இல்லை' என்றே எழுதிவைக்க வேண்டும். தேதியே தெரியாவிட்டால் 'டிசம்பர் முதல் வாரம்' என்று எழுதலாம். குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போட்டு, அது தவறு என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் சரியாக எழுதிய மற்ற தேதிகளையும் சந்தேகிப்பார்கள்.

இப்போது அக்டோபர் 26-லிருந்து நவம்பர் 18 வரை எண்ணிப் பாருங்கள். 23 நாள். 'ஒரு மாதத்துக்கு மேல் நன்றாக ஓடியது' என்று கடை சொன்னது இந்த ஒரு வரியில் அடிபட்டுப்போனது.

23 நாள் என்பதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடவடிக்கை. எத்தனை நாளுக்குள் என்று பில்லில் போட்டிருந்தால் அந்தக் கெடு. எதுவும் போடாவிட்டால் 30 நாள். முதல் புகார் 23-ம் நாளா, டிசம்பர் 9 என்ற 44-ம் நாளா என்பதைப் பொறுத்து இந்த வாதமே நம் கையில் இருக்கிறதா, இல்லையா என்பது மாறிவிடும். 30 நாள் தாண்டினால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. வாரன்டியும் மற்ற உரிமைகளும் இருக்கவே இருக்கின்றன. ஆனால், இருக்கிற ஒரு நல்ல பிடியை நாமே கடிதம் எழுதிக் கைவிடக் கூடாது அல்லவா?

இன்னொரு கெடுவையும் நோட்டில் பெரிதாக எழுதினோம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். குறை எழுந்த நாளிலிருந்து கணக்கு. பாதுகாப்பாக, மிக முந்தைய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் 2026 நவம்பர் 17-க்குள். 'பேசிக்கிட்டு இருக்கோம், லெட்டர் போட்டுக்கிட்டு இருக்கோம்' என்பதால் இந்தக் கெடு தானாக நீளாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம். அது ஆணையத்தின் முடிவு.

அந்த நாலு எண் செய்த வேலை

'முதல் புகார் சரிசெய்யப்பட்டது' என்று கடை எப்படிச் சொன்னது? இதையும் மெசேஜிலேயே கண்டுபிடித்தோம். நவம்பர் 20 அன்று, 'வேலை திருப்தியாக முடிந்தால் மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும்' என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. மெக்கானிக் போகும்போது கேட்டிருக்கிறார், இவளும் சொல்லிவிட்டாள்.

"தம்பி வெயில்ல வந்திருந்துச்சுக்கா, காபி குடிச்சிட்டு 'அந்த நம்பரைச் சொல்லுங்க'ன்னுச்சு, சொல்லிட்டேன்!"

அந்த எண்ணைச் சொன்னால் கம்பெனி கணக்கில் புகார் முடிந்தது. மெஷினில் ஒரு முழுச் சுற்று துணி போட்டுப் பார்க்காமல் இந்த எண்ணைக் கொடுக்கவே கூடாது. கொடுத்த பிறகு என்ன செய்வது? மறைக்காமல் எழுதிவிட வேண்டும்: 'முடிவு எண்ணைக் கொடுத்தேன். ஆனால், இரண்டாம் நாளே அதே சத்தம் வந்தது.' அதற்கு ஆதாரம்? அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்தது. நவம்பர் 22 அன்று "இந்தச் சத்தத்தைக் கேளுங்க!" என்று தங்கை போட்ட வீடியோ. நாங்கள் எல்லாம் சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டு மறந்திருந்தோம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைவிட, எடுத்த போனின் கேலரியில் இருக்கும் ஒரிஜினல்தான் முக்கியம். எடுத்த நாள், நேரம் அதில்தான் முழுமையாக இருக்கும். அதை வெட்டவோ, எடிட் செய்யவோ வேண்டாம். போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் அதை வேறிடத்தில் சேமியுங்கள். போனில் பேசிய அழைப்புப் பட்டியல் நாளாக ஆக பழையது தானாக அழிந்துகொண்டே வரும். அதனால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

4. தொகை: மூன்று கூறாகப் பிரியுங்கள்

"முப்பதாயிரம்னு எங்கிருந்து வந்துச்சு?"

"எல்லாம் சேர்த்து அவ்வளவு ஆயிருக்கும்க்கா..."

இங்கேதான் பலரும் தவறுகிறோம். பொருளுக்குக் கொடுத்தது, அதனால் ஆன செலவு, பட்ட சிரமம் எல்லாவற்றையும் மனதிலேயே கூட்டி ஒரே தொகையாகச் சொல்லிவிடுகிறோம். மூன்றையும் பிரித்து எழுத வேண்டும்.

முதலாவது, பொருளின் விலை. மெஷின் விலை 26,990 ரூபாய். பழைய மெஷினை எடுத்துக்கொண்டு 2,000 ரூபாய் கழித்தார்கள். கட்டியது 24,990. எக்ஸ்சேஞ்ச், கேஷ்பேக், தள்ளுபடி எதுவாக இருந்தாலும், போட்ட விலை, கழித்தது, கட்டியது என்று மூன்றையும் எழுதுங்கள். இ.எம்.ஐ. என்றால் வட்டியைத் தனி வரியாக எழுதுங்கள்.

இரண்டாவது, ரசீதோ பதிவோ உள்ள செலவு. மெக்கானிக்குக் கொடுத்த 1,850 ரூபாய்க்கு பில் இல்லை. ஆனால், ஜிபே பதிவு இருந்தது. அதில் தேதி, வாங்கியவர் பெயர், 12 இலக்க பரிவர்த்தனை எண் எல்லாம் இருக்கும். அந்த எண்ணை அப்படியே நோட்டில் எழுதினோம். மெஷின் ஓடாத நாள்களில் வெளியே சலவைக்குப் போட்டது மூன்று ரசீதுகளில் 1,260 ரூபாய். ஆக, 24,990 + 1,850 + 1,260 = 28,100 ரூபாய்.

மூன்றாவது, ஆதாரம் இல்லாத செலவு. மெஷினுக்கு அடியில் வைக்கும் ஸ்டாண்டுக்கு ரொக்கமாகக் கொடுத்த 900 ரூபாய். ரசீது கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. 'ரசீது தரப்படவில்லை' என்று குறிப்பிட்டுத் தனியாக எழுதலாம். மேலே உள்ள 28,100-ல் கலந்துவிடக் கூடாது.

அலைச்சல், மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாமா? கேட்கலாம். ஆனால், அது நம் மதிப்பீடு. எவ்வளவு என்று முடிவு செய்வது ஆணையம். அதனால் செலவுக் கணக்கோடு சேர்க்காமல் கடைசியில் தனி வரியாக வர வேண்டும்.

5. என்ன வேண்டும்?

தங்கையின் முதல் கடிதம் 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிந்திருந்தது. கடைக்காரர் என்ன நடவடிக்கை எடுப்பார்? ரிப்பேரா, புது மெஷினா, பணமா? இதை வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அவர்கள் வீட்டில் முடிவானது இது: இரண்டு முறை பழுது பார்த்தும் சரியாகாததால் அதே மாடலில் புது மெஷின் வேண்டும், இல்லையென்றால் 24,990 ரூபாயைத் திருப்பித்தர வேண்டும். இரண்டில் எதுவானாலும் 1,850, 1,260 ரூபாய்களும் வேண்டும். பதிலுக்கு 15 நாள் அவகாசம். எந்தத் தேதிக்குள் என்றும் எழுதினோம்.

இரண்டாவது கடிதம்

இவ்வளவும் சேர்ந்த பிறகு கடிதம் எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியிலேயே, 'முந்தைய கடிதத்தில் நினைவிலிருந்து எழுதிய தொகையும் மாதமும் தவறு. ஆவணங்களைப் பார்த்துத் திருத்தியவை கீழே' என்று எழுதச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனால், நம் தவறை நாமே திருத்திவிட்டால் அவர்கள் அதைக் கிளற முடியாது.

கடை, தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டர் மூவருக்கும் மெயிலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பினாள். ஆவணங்களின் நகல் மட்டும். ஒரிஜினல் ஒன்றுகூட வீட்டை விட்டுப் போகவில்லை. போஸ்ட் ஆபீஸ் ரசீதும் நோட்டில் ஏறியது.

பதினைந்து நாளில் பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தாள். தமிழிலேயே பேசலாம். பில் எண், தேதி, தொகை, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நோட்டைப் பார்த்து அப்படியே வாசித்தாள். இந்த உதவி மையம் நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்க்கும். உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அங்கேயும் இதே தேதிப் பட்டியலும் தொகைக் கணக்கும்தான் கேட்பார்கள்.

தங்கைக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் கம்பெனியிலிருந்து புது மெஷின் வந்தது. 1,850 ரூபாயும் கணக்கில் ஏறியது. சலவைக்குக் கொடுத்த பணமும், அந்த 900 ரூபாயும் வரவில்லை. "போகட்டும்க்கா" என்று விட்டுவிட்டாள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்

☐ பில் எண், தேதி. பில் யார் பெயரில். பணம் யார் கணக்கிலிருந்து
☐ கடையின் பலகைப் பெயர், சட்டப் பெயர், ஜி.எஸ்.டி. எண், முகவரி
☐ தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டர் பெயர், முகவரி
☐ மாடல் எண், சீரியல் எண் (பில்லோடு ஒப்பிட்டாயிற்றா?)
☐ வாங்கிய, வந்த, பொருத்திய தேதிகள். வாரன்டி முடியும் தேதி
☐ முதன்முதலில் குறை தெரிந்த தேதி; முதல் புகார் எத்தனையாவது நாள்
☐ ஒவ்வொரு புகார் எண்ணும் தேதியும். வந்தவர் செய்தது, சொன்னது. முடிவு எண் கொடுத்தோமா
☐ ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஆதாரம்
☐ கட்டிய தொகை; ஆதாரமுள்ள செலவு; ஆதாரமில்லாத செலவு – தனித்தனியாக
☐ கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள்
☐ இரண்டு ஆண்டு அவகாசம் முடியும் தேதி

புது மெஷின் வந்த அன்று தங்கை முதலில் செய்தது என்ன தெரியுமா? மெஷினை ஓட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு மெசேஜ்: "சீரியல் நம்பர் சரியா இருக்குக்கா. இன்னும் நம்பர் சொல்லல. துணி போட்டிருக்கேன், தம்பி காபி குடிச்சிட்டு வெயிட் பண்ணுது!"